இச்சி போன்சாய்: துளிருக்கு மே மாதம், வேருக்கு மழைக்காலம்

கேள்வி: "செம்பூரில் நாலாவது மாடி, மேற்குப் பார்த்த பால்கனி. மதியத்துக்கு மேல் நல்ல வெயில் வரும். நாலு வருஷத்துக்கு முன் நர்சரியில் வாங்கிய ஃபைகஸ் போன்சாய் ஒன்று வைத்திருக்கிறேன். ஒன்றரை அடி உயரம். ஒரு அடி நீளப் பீங்கான் தட்டில் இருக்கிறது. குடை வடிவம் கெடக் கூடாதென்று, வெளியே நீட்டும் துளிரையெல்லாம் வாரா வாரம் கத்தரிக்கிறேன். ஆனாலும் உச்சிதான் அடர்ந்துகொண்டே போகிறது. உள்ளே வெறும் குச்சி. இடது பக்கக் கீழ்க்கிளை வருஷத்துக்கு வருஷம் மெலிகிறது. இப்போது ஊற்றும் தண்ணீரும் மேலேயே தேங்கி நிற்கிறது. வேர் வெட்ட வேண்டுமாம். குளிர்காலம் முடியும்போது என்கிறார்கள் யூடியூபில்; மழையில் என்கிறார் நர்சரிக்காரர். துளிரையும் வேரையும் ஒரே நாளில் வெட்டலாமா?" (வாசகி, செம்பூர், மும்பை)

பதில்:

நர்சரிக்காரர் சொன்னதையே கேளுங்கள். மும்பையில் இச்சி வகை ஃபைகஸுக்கு வேர் வெட்ட ஏற்ற சமயம் ஜூன் நடுப்பகுதி, மழை பிடித்த பிறகு. துளிர் வெட்டும் வேலையை அதற்கு ஐந்தாறு வாரம் முன்பே, மே முதல் வாரத்தில் முடித்துவிடுங்கள். இரண்டையும் ஒரே நாளில் வைத்துக்கொள்ள வேண்டாம். இன்னொன்று, அந்த வாராந்திரக் கத்தரியை இன்றோடு நிறுத்துங்கள். உள்பக்கம் குச்சியாகப் போனதற்கும் கீழ்க்கிளை மெலிந்ததற்கும் அதுதான் காரணம்.

மரத்தின் அருகே உட்கார்ந்து ஒரு துளிரை நிதானமாகப் பாருங்கள். நுனியில் வெளிர்பச்சை உறை மூடிய கூரான மொட்டு ஒன்று இருக்கும். உறை கழன்று விழுந்ததும் புது இலை விரியும். உறை இருந்த இடத்தில் தண்டைச் சுற்றி மெல்லிய வளையம் போல ஒரு தழும்பு நிற்கும். அடுத்தடுத்த இலைகள் இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று மாறி மாறி வரும். ஒவ்வொரு இலைக்காம்பும் தண்டோடு சேரும் இடுக்கில் ஒரு சின்ன மொட்டு உறங்கிக்கொண்டிருக்கும். நுனி மொட்டிலிருந்து கீழே இறங்கும் ஆக்சின் என்ற ஹார்மோன்தான் அதை உறங்க வைக்கிறது. நுனியை எடுத்துவிட்டால், வெட்டிய இடத்துக்கு நேர் கீழே இருக்கும் ஒன்றிரண்டு மொட்டுகள் முதலில் விழித்துக்கொள்ளும். வெட்டு எங்கே விழுகிறதோ அதற்குப் பக்கத்தில்தான் கிளை பிரியும்.

நீங்கள் வாரா வாரம் வெட்டுவது குடையின் வெளி ஓரத்தில். அதனால் கிளை பிரிவதெல்லாம் அந்த வெளி ஒரு அங்குலத்துக்குள்ளேயே நடக்கிறது. அங்கே இலை மேல் இலையாக அடைத்துக்கொள்கிறது, உள்ளே வெளிச்சம் போவதில்லை. வெளிச்சம் இல்லாத இடத்து இலையை மரம் வைத்துக்கொள்ளாது, மஞ்சளாக்கி உதிர்த்துவிடும். அப்புறம் மிஞ்சுவது குச்சிதான். இதில் இன்னொரு நஷ்டமும் இருக்கிறது. விரியும் இளம் இலை முதலில் மரத்திடமிருந்து சாப்பாட்டை வாங்குகிறது. நன்றாக விரிந்து, கரும்பச்சையாகி, விரலால் மடக்கினால் விறைப்பாக நிற்கும் நிலைக்கு வந்த பிறகே அது திருப்பித் தரத் தொடங்குகிறது. வாரம் ஒருமுறை வெட்டினால் வாங்கின இலை எதுவும் திருப்பித் தரும் வயதுக்கு வராது. அந்த நஷ்டம் முதலில் தெரிவது கீழ்க்கிளையில். உச்சி எப்படியும் தன் பங்கை எடுத்துக்கொள்ளும்.

ஆகவே துளிரை வளர விடுங்கள். ஆறிலிருந்து எட்டு இலை வரை போகட்டும். பார்க்கக் கலைந்த தலையாகத் தெரியும், பரவாயில்லை. அடியில் உள்ள மூன்று நாலு இலைகள் கரும்பச்சையானதும் இரண்டு இலையை மட்டும் விட்டு மற்றதை வெட்டுங்கள். கத்தரி விழ வேண்டிய இடம் இரண்டாவது இலைக்காம்புக்கு இரண்டு மூன்று மில்லிமீட்டர் மேலே. காம்பை ஒட்டியே வெட்டினால் இடுக்கு மொட்டும் சேர்ந்து காய்ந்துவிடும். இலையைப் பாதியாக நறுக்காதீர்கள். வெட்டிய ஓரம் பழுப்பாகி, அடுத்த இலை வரும்வரை அசிங்கமாக நிற்கும்.

எந்த இலையோடு நிறுத்துவது என்பதில் கொஞ்சம் யோசனை வேண்டும். கடைசியாக விடும் இலை எந்தப் பக்கம் பார்க்கிறதோ, புதுக்கிளை அந்தப் பக்கம்தான் போகும். மரத்தின் நடுவை நோக்கி ஒரு கிளை வளர்ந்து யாருக்கும் லாபமில்லை. ஆகவே வெளிப்பக்கமோ பக்கவாட்டிலோ பார்க்கும் இலையில் நிறுத்துங்கள். அதற்காக இரண்டு இலை மூன்றாக ஆனாலும் சரி.

மே முதல் வாரத்தில் உங்கள் மரத்தில் இது எப்படி நடக்கும் என்று பார்ப்போம். இப்போது ஏப்ரல் கடைசி. இன்று கத்தரியை நிறுத்தினால், ஏற்கெனவே கிளம்பியிருக்கும் துளிர்கள் பத்து நாளில் நீண்டு நிற்கும். வேலையை உச்சியில் தொடங்குங்கள். அங்கே ஒரே முடிச்சிலிருந்து மூன்று நாலு குச்சிகள் கொத்தாகக் கிளம்பியிருக்கும். வருஷக் கணக்கில் ஓரத்திலேயே வெட்டிய மரத்தில் இது நிச்சயம் இருக்கும். அதில் இரண்டை விட்டு மீதியை அடியோடு எடுங்கள். நேர் மேலே போவதும் தடித்திருப்பதும் முதலில் போக வேண்டும். மெல்லியதாக, பக்கவாட்டில் போவதை விட்டுவையுங்கள். விட்ட குச்சிகளை ஒன்று அல்லது இரண்டு இலைக்கு வெட்டுங்கள். நடுக்கிளைகளில் துளிருக்கு இரண்டு இலை. கீழ்க்கிளைகளில் வலது பக்கத்துக்கு மூன்று இலை விடலாம்.

இடது பக்கக் கீழ்க்கிளையைத் தொடவே கூடாது. இந்த வருஷம் முழுக்க அதன் நுனி அப்படியே இருக்கட்டும். குடை ஓரத்தைத் தாண்டி ஒரு சாண் வெளியே போனாலும் விடுங்கள். ஒரு கிளை தடிக்க வேண்டுமானால் அதில் இலை நிறைய இருக்க வேண்டும், நுனி ஓடிக்கொண்டிருக்க வேண்டும். வேறு வழி கிடையாது. முடிந்தால் அலுமினியக் கம்பி சுற்றி அதன் நுனியை மட்டும் மேல்நோக்கித் தூக்கிவிடுங்கள். மேல்நோக்கிய நுனி, படுத்திருக்கும் நுனியைவிட வேகமாகப் போகும். மும்பை மழைக்காலத்தில் ஃபைகஸ் தடிக்கும் வேகத்துக்குக் கம்பி சீக்கிரமே பட்டையில் பதிந்துவிடும். வாரம் ஒருமுறை பாருங்கள். பதியத் தொடங்கினால் கம்பியைத் துண்டு துண்டாக வெட்டி எடுங்கள், சுருளைப் பிரிக்க முயலாதீர்கள்.

இலையே இல்லாத உள்குச்சிகளைக் குட்டையாக்கும் ஆசை வரும். இப்போதைக்கு வேண்டாம். பலவீனமான கிளையில் ஒரு இலைகூட விடாமல் வெட்டினால் அந்தக் கிளை முழுதாகக் காய்ந்துபோகும் அபாயம் இருக்கிறது. வீட்டுக்குள் வைக்கும் மெல்லிய இலை பெஞ்சமினா ஃபைகஸ் இதில் மிகவும் மோசம். உங்களிடம் இருப்பது நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் மைக்ரோகார்ப்பாவாகத்தான் இருக்க வேண்டும். தமிழில் கல் இச்சி, மராத்தியில் நாந்துருக். இது கொஞ்சம் தாங்கும். உச்சியைக் கலைத்து வெளிச்சம் உள்ளே விழுந்தாலே பழைய குச்சியில் பச்சைப் புள்ளிகள் முளைக்கும். அவை துளிராகி நாலு இலை விட்ட பிறகு, குச்சியை அந்த இடம் வரை வெட்டலாம்.

வெட்டியவுடன் வெள்ளைப் பால் வழியும். பயப்பட வேண்டாம், சில நிமிஷத்தில் தானே நின்றுவிடும். ஈரத்துணியால் ஒற்றி எடுங்கள். சிலருக்குத் தோலில் அரிப்பு வரும். கையுறை போட்டுக்கொள்வது நல்லது, கண்ணில் பட விடக் கூடாது. கத்தரியை அவ்வப்போது ஸ்பிரிட்டில் துடைத்தால் பால் ஒட்டாமல் வெட்டு சுத்தமாக விழும். பென்சிலைவிடத் தடித்த கிளையை வெட்டினால் மட்டும், வெட்டுக்காயத்தை மூடும் கட் பேஸ்ட் தடவுங்கள்.

வெட்டிப் பத்துப் பதினைந்து நாளில் இலை இடுக்கில் மொட்டு பருப்பது கண்ணுக்குத் தெரியும். ஒரு குச்சிக்கு ஒன்று அல்லது இரண்டு துளிர் கிளம்பும். ஜூன் நடுவில் அவை நாலைந்து இலை விட்டுக் கரும்பச்சைக்குத் திரும்பியிருக்கும். வேர் வெட்டுவதற்கு அந்த நிலைதான் வேண்டும். இளம் துளிர் தளதளவென்று இருக்கும்போது வேரை வெட்டினால் முதலில் வாடிச் சாவது அந்தத் துளிர்தான்.

குளிர்காலம் முடியும்போது என்று வீடியோக்களில் சொல்வது தப்பில்லை. அது இலையுதிர்க்கும் மரங்களுக்குச் சொன்னது. ஜப்பானில் மேப்பிள் போன்ற மரங்கள் குளிரில் இலை கொட்டி, சேர்த்த சாப்பாட்டைத் தண்டிலும் வேரிலும் வைத்துக்கொண்டு உறங்குகின்றன. மொட்டு உப்பும் சமயத்தில் வேரை வெட்டினால் அந்தச் சேமிப்பைக் கொண்டு புது வேர் விட்டுக்கொள்ளும். இச்சி அப்படி உறங்கும் மரமில்லை. வெட்டிய வேர் திரும்ப வர, இலையில் அன்றன்றைக்குத் தயாராகும் சாப்பாடும் சூடும் வேண்டும். செம்பூரில் ஜனவரி இரவுகளில் 16, 17 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது, காற்றும் வறண்டிருக்கிறது. அப்போது வெட்டிய வேர் வாரக்கணக்கில் அப்படியே கிடக்கும். பிப்ரவரி, மார்ச்சில் வெட்டலாம், மரம் சாகாது. ஆனால் வேர் பிடிப்பதற்குள் ஏப்ரல், மே வெயில் உங்கள் மேற்குப் பால்கனியில் வந்து விழும். மும்பையில் தென்மேற்குப் பருவமழை தொடங்கும் வழக்கமான தேதி ஜூன் 11. அதன் பிறகு சூடும் இருக்கும், காற்றில் ஈரமும் இருக்கும், வெயிலும் தணிந்திருக்கும். இலை தண்ணீரை இழப்பது குறையும். வேர் இல்லாத சில வாரங்களைத் தாண்ட இதைவிடத் தோதான நாட்கள் வருஷத்தில் வேறு இல்லை. முதல் மழையைப் பார்த்ததும் கிளம்பிவிடாதீர்கள். இரண்டு நாள் பெய்துவிட்டு மறுபடி ஒரு வாரம் வெயில் கொளுத்துவதும் உண்டு. மழை நிலைத்ததைப் பார்த்துக்கொண்டு இறங்குங்கள்.

துளிரையும் வேரையும் சேர்த்து வெட்டச் சொல்பவர்கள், கீழே குறைத்தால் மேலேயும் குறைக்க வேண்டும் என்று கணக்குச் சொல்வார்கள். மரத்தின் கணக்கு வேறு. புது வேர் பிறக்கத் தூண்டும் ஆக்சின் வருவது துளிர் நுனிகளிலிருந்துதான். வேருக்குச் சாப்பாடு அனுப்புவது இலைகள். இரண்டையும் அதே நாளில் எடுத்துவிட்டு வேர் வரவில்லையே என்று காத்திருப்பதில் அர்த்தமில்லை. நல்ல பலமுள்ள ஃபைகஸ் இரண்டையும் தாங்கிப் பிழைத்துக்கொள்வதுண்டு. மெலிந்த கிளை உள்ள மரத்தில் அந்தச் சோதனையை நான் செய்ய மாட்டேன். மரம் பிழைத்தாலும் அந்தக் கிளை பிழைக்காது. இலை முழுவதையும் உருவிவிட்டால் சின்ன இலை வரும் என்று யாராவது சொன்னால், அதுவும் இந்த வருஷம் வேண்டாம்.

வேர் வெட்டும் நாளுக்கு மண்ணை முன்கூட்டியே தயார் செய்யுங்கள். மும்பையில் ஜூலை மாதத்தில் மட்டும் 800 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டுகிறது. தண்ணீரைப் பிடித்து வைக்கும் மண் இங்கே ஆகாது. உடைத்த செங்கல், பியூமிஸ், பருமணல் என்று கிடைப்பதை எடுத்து, 2 முதல் 5 மில்லிமீட்டர் அளவில் சலித்துக்கொள்ளுங்கள். தூளைக் கட்டாயம் எறிந்துவிடுங்கள். தூள்தான் அடியில் இறங்கி அடைத்துக்கொள்ளும். இது மூன்று பங்கு, நன்றாக மக்கிய இலை உரமோ கம்போஸ்டோ ஒரு பங்கு போதும். செம்மண்ணும் தோட்டமண்ணும் வேண்டாம். உரம் போடுவதைப் பதினைந்து நாள் முன்பே நிறுத்திவிடுங்கள்.

மேகம் மூடிய நாளாகப் பார்த்து நிழலில் உட்காருங்கள். தட்டின் உள் ஓரத்தில் கத்தியை விட்டு ஒரு சுற்றுச் சுற்றி மரத்தைத் தூக்கினால், தட்டின் வடிவத்திலேயே வேர்ப்பாய் வெளியே வரும். தண்ணீர் தேங்கியதன் காரணம் அங்கே கண்ணுக்கு நேரே தெரியும்: அடியில் வேர் வட்டம் வட்டமாகச் சுற்றி, மண் இருந்த இடத்தையெல்லாம் நிரப்பியிருக்கும். வளைந்த முள்கரண்டியோ மூங்கில் குச்சியோ கொண்டு ஓரத்திலிருந்து வெளிப்பக்கமாகச் சீவுங்கள். இழுத்துப் பிய்க்காமல் சிக்கை எடுக்க வேண்டும். அடிப்பக்கத்திலிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரத்தை வெட்டி எடுங்கள். சுற்று ஓரத்தில் இரண்டு சென்டிமீட்டர். தண்டுக்கு நேர் அடியில் உள்ள பழைய மண்ணை இந்த முறை முழுதாகக் கழுவி எடுக்க வேண்டாம்.

எந்த வேர் போக வேண்டும் என்பதைத்தான் கவனமாகப் பார்க்க வேண்டும். தண்ணீர் குடிப்பது மெல்லிய வேர்கள். தடித்த வேர் வெறும் குழாய். பென்சில் பருமனில் சுற்றி ஓடும் வேரைப் பிடித்துக்கொண்டு தண்டை நோக்கி வாருங்கள். மெல்லிய பக்கவேர்கள் கிளம்பும் இடம் வந்ததும், அவை தண்டோடு நிற்கும்படி அதற்கு வெளிப்பக்கமாக வெட்டிவிடுங்கள். வெட்டு முகம் கீழே பார்க்கட்டும். நேராகக் கீழே போகும் தடித்த வேரும் தட்டில் வேண்டாம். வெண்மையாக, உறுதியாக இருப்பது உயிருள்ள வேர். பழுப்பாகி, விரலால் உருவினால் தோல் கழன்று வருவது அழுகிய வேர். அது எவ்வளவு இருந்தாலும் போகட்டும். வேரிலிருந்தும் பால் வரும், தண்ணீர் தெளித்துக் கழுவுங்கள். போன் அடித்து எழுந்து போக வேண்டியிருந்தால் வேரை ஈரத்துணியால் மூடிவிட்டுப் போங்கள்.

தட்டின் ஓட்டைகளில் வலை வைத்து, அதன் வழியே கம்பியை மேலே கொண்டு வந்து மரத்தை வேரோடு சேர்த்துக் கட்டுங்கள். நாலாவது மாடியில் மழைக்காற்று அடிக்கும். மரம் அசைந்துகொண்டே இருந்தால் முளைக்கும் வேர் நுனி தினமும் முறியும். புது மண்ணைப் போட்டு, மூங்கில் குச்சியால் வேர்களின் நடுவே இறக்கிவிடுங்கள். காலி இடம் எங்கும் இருக்கக் கூடாது. பிறகு அடியில் தெளிந்த தண்ணீர் வரும்வரை ஊற்றுங்கள்.

அடுத்த இரண்டு வாரம் வெளிச்சமுள்ள நிழல். அடைமழை நேரடியாகக் கொட்ட வேண்டாம், சாரல் படலாம். விடாமல் பெய்யும் நாட்களில் தட்டின் ஒரு ஓரத்துக்கு அடியில் ஒரு மரத்துண்டை வைத்துச் சாய்த்துவிடுங்கள். தட்டையான தொட்டியில் அடியில் தங்கும் நீர் இப்படிச் சாய்த்தால் ஒரு ஓட்டை வழியே வடிந்துவிடும். முதல் பத்து நாளில் உள்பக்கத்து மூத்த இலைகள் கொஞ்சம் மஞ்சளாகி விழுந்தால் அது சாதாரணம். துளிர் நுனியே கறுத்துத் தொங்கி, மண்ணில் புளித்த வாடை வந்தால் வேர் அழுகுகிறது. அப்போது காத்திருக்காதீர்கள், எடுத்துப் பார்த்து அழுகினதை வெட்டி, உரம் கலக்காத செங்கல் துகளிலேயே நட்டு, மேலே ஒரு பாலிதீன் கூடாரம் போட்டு நிழலில் வையுங்கள்.

மூன்று நாலு வாரத்தில் நுனி மொட்டு உறை கழற்றிப் புது இலை விட்டால் கீழே வேர் ஓடத் தொடங்கிவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். அதன் பிறகு வெயில் பக்கம் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்துங்கள். ஆறு வாரம் கழிந்து புண்ணாக்கு உரம் ஆரம்பிக்கலாம். இந்த மாதங்களில் தண்டிலிருந்து விழுது இறங்கலாம், மும்பை மழையில் இச்சிக்கு அது வழக்கம். தண்டை ஒட்டி இறங்குவதை விட்டுவிடுங்கள், கிளை நடுவில் தொங்குவதை நறுக்கிவிடுங்கள்.

கத்தரியை அடுத்தபடி கையில் எடுப்பது ஆகஸ்ட் கடைசியில், துளிர்கள் மறுபடி ஆறு எட்டு இலைக்கு வந்த பிறகு. மழை இருட்டில் வந்த இலைகள் கொஞ்சம் பெரிதாகவே இருக்கும். அந்த வெட்டில் அவை போய்விடும். அக்டோபர் வெயிலில் வரும் அடுத்த துளிர்தான் சின்ன இலையோடு வரும். அதை ஒருமுறை வெட்டி, நவம்பர் நடுவோடு நிறுத்திவிடுங்கள். டிசம்பர், ஜனவரியில் ஓரமாக நீட்டும் ஒன்றிரண்டைக் கிள்ளினால் போதும். வேருக்கு இனி இரண்டு மூன்று வருஷம் வேலையில்லை. தண்ணீர் ஊற்றியதும் உடனே உள்ளே இறங்கிக்கொண்டிருக்கும்வரை அதைத் தோண்டிப் பார்க்க வேண்டாம்.

அந்த இடது கிளையின் அடிப்பருமனை மட்டும் இப்போதே ஒரு நூலால் அளந்து வையுங்கள். அடுத்த மே மாதம் மறுபடி அளந்து, வலது கிளையில் முக்கால் பங்கு பருமனாவது வந்திருந்தால், நீண்ட நுனியை முதல் இரண்டு மூன்று இலைக்கு வெட்டிக் குடைக்குள் கொண்டுவரலாம். வரவில்லையானால் இன்னொரு மழைக்காலம் அப்படியே ஓட விடுங்கள்.